அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை
(குடியிருப்போர் நலச் சங்கப் பொதுக்குழுவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

மொட்டைமாடிக்குக் கூரைத் தகடு போடுவது என்று முடிவு செய்திருக்கிறோம். கொட்டேஷன்கள் வரத் தொடங்கிவிட்டன. செக் எழுதுவதற்கு முன்னால் எதைச் சரிபார்க்க வேண்டும் என்பதைப் பற்றி மட்டும் பேசச் சொன்னார்கள்.

கணக்குக்காகத் தகடு 6 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 7,08,000. கடைக்காரர் பாதி அட்வான்ஸ் கேட்பார். "நம் சங்கம் ஜிஎஸ்டியில் பதிவு செய்யவில்லை, வரியைத் திரும்பப் பெறப் போவதுமில்லை, அவர் எண் எப்படி இருந்தால் நமக்கென்ன?" என்று போன கூட்டத்தில் ஒருவர் கேட்டார். திரும்பக் கிடைக்காது என்பதால்தான் கேட்க வேண்டும். அந்த 1,08,000 நம் எல்லோருடைய பராமரிப்புத் தொகையிலிருந்து போகிறது. பதிவு ரத்தான ஒருவர் அதை வாங்கினால், அது அரசுக்குப் போக வழியே இல்லை.

கொட்டேஷனில் 15 எழுத்துகள் கொண்ட GSTIN இருக்கும். முதல் இரண்டு இலக்கங்கள் மாநிலம், தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்தும் உரிமையாளரின் பான் எண். அந்தப் பத்தில் நான்காவது எழுத்து P என்றால் தனிநபர், F என்றால் கூட்டு நிறுவனம், C என்றால் கம்பெனி. லெட்டர்ஹெட்டில் "பிரைவேட் லிமிடெட்" என்று போட்டுவிட்டு எண்ணில் P இருந்தால், அங்கேயே நிறுத்திக் கேளுங்கள்.

பிறகு services.gst.gov.in தளத்தில் Search Taxpayer பகுதிக்குப் போய் அந்த எண்ணைப் போடுங்கள். கட்டணமும் இல்லை, லாகின் செய்யவும் வேண்டாம். சட்டப்படியான பெயர், கடைப் பெயர், முகவரி, பதிவு தொடங்கிய தேதி எல்லாம் வரும். GSTIN Status என்ற இடத்தில் Active என்று இருக்க வேண்டும். Suspended, Cancelled என்றிருந்தால் வரி போட்ட பில் அவரிடமிருந்து வரக் கூடாது. Taxpayer Type என்ற இடத்தில் Composition என்றிருந்தாலும் அவர் நம்மிடம் வரி வசூலிக்கக் கூடாது. நம் கணக்கில் அந்த 1,08,000 தனி வரியாகவே வரக் கூடாது. சிறு கடைகளில் இது அடிக்கடி நடக்கிறது, பல நேரம் தெரியாமலேயே.

Active என்பதோடு நின்றுவிடவும் வேண்டாம். 2023 மே முதல் ஜூலை வரை நாடு முழுவதும் நடந்த சோதனையில், பதிவில் மட்டும் இருந்து இடத்தில் இல்லாத 21,791 நிறுவனங்களைக் கண்டுபிடித்தார்கள். அதனால் அதே பக்கத்தில் ரிட்டர்ன் தாக்கல் விவரத்தையும் திறந்து பாருங்கள். சிறு வியாபாரிகள் பலர் மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் தாக்கல் செய்வார்கள், எனவே ஒவ்வொரு மாதமும் பதிவு இல்லையே என்று சந்தேகப்பட வேண்டாம். தொடர்ந்து இரண்டு காலாண்டுகள் காலியாக இருந்தால்தான் கவலை. அந்த நிலையில் அவரால் இ-வே பில் போட முடியாமல் போகும். தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட சரக்குக்கு அது வேண்டும். வத்தலக்குண்டிலிருந்து தகடு ஏற்றிவரும் லாரி காட்ரோட்டில் நிறுத்தப்பட்டால், நம் அட்வான்ஸும் அதோடு அங்கேயே நிற்கும்.

அடுத்தது தொழில் உரிமம். ஜிஎஸ்டி எண் இருப்பதாலேயே கடை நடத்த அனுமதி இருப்பதாக ஆகிவிடாது. இதைக் கொடுப்பது உள்ளாட்சி. கடை கொடைக்கானலில் என்றால் நம் நகராட்சி, வத்தலக்குண்டில் என்றால் அங்குள்ள பேரூராட்சி. நகலில் மூன்றை மட்டும் பாருங்கள்: கதவு எண் ஜிஎஸ்டி முகவரியோடு ஒத்துப் போகிறதா, காலாவதித் தேதி தாண்டவில்லையா, எந்தத் தொழிலுக்குக் கொடுத்தது. ஹார்டுவேர் விற்பனைக்கு வாங்கிய உரிமத்தில் வெல்டிங் பட்டறை வேலை அடங்கும் என்று நாமாக நினைத்துக்கொள்ளக் கூடாது. சந்தேகம் இருந்தால் அந்த அலுவலகத்தில் உரிம எண்ணைச் சொல்லிக் கேட்டுவிடலாம்.

ஒன்றை நியாயமாகச் சொல்ல வேண்டும். சரக்கு மட்டும் விற்பவரின் ஆண்டு வியாபாரம் 40 லட்சத்தைத் தாண்டாவிட்டால், பொதுவாக ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை. எண் இல்லாதவரை ஏமாற்றுக்காரர் என்று ஒதுக்கிவிடாதீர்கள். அவர் பில்லில் வரி இருக்கக் கூடாது, அவ்வளவுதான். உரிமத்தை மட்டும் அவரிடமும் கேட்கலாம்.

இந்தக் காகிதங்கள் எதுவும் தகட்டின் கனத்தைச் சொல்லாது. அதற்கு மைக்ரோமீட்டர்தான் வேண்டும், நம் எலக்ட்ரீஷியனிடம் ஒன்று இருக்கிறது. கொட்டேஷன் கொடுத்தவர்களின் தேடல் பக்கத்தை அன்றைய தேதியோடு பிரிண்ட் எடுத்துக் கோப்பில் வைக்கும்படி பொருளாளரிடம் சொல்லியிருக்கிறேன். அட்வான்ஸ் கொடுக்கும் நாளில் இன்னொரு முறை பார்ப்போம், நிலை இடையில் மாறியிருக்கலாம். செக், சட்டப்படியான பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்குத்தான். மைத்துனர் கணக்குக்கு அனுப்புங்கள் என்று சொன்னால் அனுப்ப வேண்டாம்.