வங்கித் தாளில் மட்டும் தெரியும் பணம்

(பதுளை மாவட்டத் தோட்டக் கிளைகளின் பொருளாளர்களுக்கும் மரண உதவிச் சங்கங்களின் நிர்வாகிகளுக்கும் நடத்தப்பட்ட கணக்கு வகுப்பில் ஆற்றிய உரை)



பசறை, நமுனுகுல, ஸ்பிரிங்வெலி, தெமோதரை என்று பல பக்கத்திலிருந்தும் ஒரு நாள் பேரை விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். அதனால் இன்றைக்குப் பேச ஒரே ஒரு விஷயத்தைத்தான் எடுத்துக்கொண்டேன். நம்முடைய காசேட்டில் ஒரு மீதி இருக்கிறது, வங்கி தரும் கூற்றில் வேறொரு மீதி இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் உள்ள பணம் எங்கே போனது, அதை எப்படி எழுதுவது என்பதுதான் அந்த விஷயம்.

தோட்டத்தில் இந்தக் கேள்வி எப்போது எழும் என்று உங்களுக்குத் தெரியும். ஒரு வீட்டில் சாவு விழுகிறது. சங்கத்துப் பணத்தை எடுக்கத் தலைவரும் பொருளாளரும் பதுளைக்குப் போகிறார்கள். ஏட்டில் இருக்கிற அளவு வங்கியில் இல்லை. அன்று மாலைக்குள் லயமெல்லாம் பேச்சாகிவிடும். பல நேரம் அந்தப் பொருளாளர் ஒரு சதம்கூட எடுத்திருக்க மாட்டார். வங்கி எழுதியதை அவர் தம் ஏட்டில் எழுதவில்லை, அவ்வளவுதான். ஆனால் அதைக் காட்ட அவரிடம் ஒரு வரியும் இருக்காது.

வங்கி நம்மிடம் கேட்டுவிட்டு எழுதுவதில்லை. வட்டியைத் தானே சேர்க்கிறது. அந்த வட்டிக்கு வரியைத் தானே கழிக்கிறது. குறுஞ்செய்திக் கட்டணத்தைத் தானே எடுத்துக்கொள்கிறது. நாம் போட்ட காசோலை திரும்பி வந்தால் அந்தத் தொகையையும் தானே குறைத்துவிடுகிறது. இவை எல்லாம் நடந்து முடிந்த பிறகு, கூற்றைக் கையில் எடுத்துப் பார்த்தால்தான் நமக்குத் தெரியும்.

ஒரு கணக்கைச் செய்து பார்ப்போம். இது எடுத்துக்காட்டுக்காக நான் போட்ட கணக்கு. எந்தத் தோட்டத்தின் கணக்கும் அல்ல. ஒரு மரண உதவிச் சங்கம் சேமிப்புக் கணக்கு வைத்திருக்கிறது. 2025 ஜூன் 30ஆம் திகதி காசேட்டின்படி வங்கியில் இருக்க வேண்டியது 148,600 ரூபாய். வங்கிக் கூற்றில் இருப்பது 131,749 ரூபாய். வித்தியாசம் 16,851 ரூபாய். இந்தத் தொகையைக் கூட்டத்தில் அப்படியே சொன்னால் சண்டைதான் வரும்.

முதல் வேலை, பென்சிலை எடுத்துக்கொண்டு இரண்டு பக்கத்தையும் வரி வரியாக ஒப்பிடுவது. காசேட்டிலும் கூற்றிலும் ஒரே தொகை இருந்தால் இரண்டிலும் ஒரு சரி அடையாளம் போடுங்கள். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். நாம் போட்ட பணம் நம் ஏட்டில் வரவுப் பக்கம் இருக்கும், வங்கிக் கூற்றில் செலவுப் பக்கம் இருக்கும். வங்கி தன் பார்வையில் எழுதுகிறது. நம் பணம் அதற்குக் கடன். அதனால்தான் பக்கம் மாறி வருகிறது. சாதாரண தரத்தில் கணக்கீடு படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.

அடையாளம் போட்டு முடித்ததும், அடையாளம் இல்லாத வரிகள் மிஞ்சும். நம் சங்கத்தில் ஏட்டில் மட்டும் இருப்பது ஒரே ஒரு வரி. அறுபது உறுப்பினர்களின் சந்தாவைத் தலைக்கு 200 ரூபாய் வீதம் சம்பளத்தில் பிடித்து, தோட்டக் காரியாலயம் 12,000 ரூபாய்க்குக் காசோலை கொடுத்தது. பொருளாளர் அதை ஜூன் 30 பிற்பகலில் வங்கியில் போட்டார். வங்கியில் அது ஜூலை மாதத்தில்தான் ஏறும்.

கூற்றில் மட்டும் இருப்பவை ஐந்து வரிகள். வட்டி 310 ரூபாய். வட்டி மீதான வரி 31 ரூபாய். குறுஞ்செய்திக் கட்டணம் 30 ரூபாய். ஒரு கடைக்காரர் நன்கொடையாகக் கொடுத்த 5,000 ரூபாய் காசோலை பணமில்லாமல் திரும்பியது. அது திரும்பியதற்கு வங்கி எடுத்த கட்டணம் 100 ரூபாய்.

இந்த இரண்டு வகையையும் கலக்கக் கூடாது. ஏட்டில் மட்டும் இருக்கும் 12,000 ரூபாயை நாம் ஏற்கெனவே எழுதிவிட்டோம். வங்கிதான் எழுத வேண்டும். அதற்கு நாம் புதுப் பதிவு எதுவும் போட வேண்டியதில்லை. கூற்றில் மட்டும் இருக்கும் ஐந்தையும் வங்கி எழுதிவிட்டது. நாம்தான் எழுத வேண்டும். யார் இன்னும் எழுதவில்லையோ அவர்தான் எழுத வேண்டும். இந்த ஒன்றை நினைவில் வைத்தால் போதும்.

இப்போது பதிவுகளைப் பார்ப்போம்.

வட்டி 310 ரூபாய். இது வந்த பணம். காசேட்டின் வங்கி நிரலில் வரவுப் பக்கம் எழுதுங்கள். பேரேட்டில் வட்டி வருமானக் கணக்கில் செலவுப் பக்கம் போகும். "வருமானம் எப்படிச் செலவுப் பக்கம் போகும்?" என்று கேட்பீர்கள். பேரேட்டில் அந்தப் பக்கத்தின் பெயர்தான் அது. சங்கம் செலவழித்தது என்று அர்த்தம் இல்லை.

வரி 31 ரூபாய். 2025 ஏப்ரல் 1 முதல் வட்டியில் நூற்றுக்குப் பத்து வீதம் வங்கி பிடித்துக்கொள்கிறது. அதற்கு முன் நூற்றுக்கு ஐந்தாக இருந்தது. காசேட்டில் செலவுப் பக்கம் 31 ரூபாய், பேரேட்டில் நிறுத்திவைத்தல் வரிக் கணக்கில் வரவுப் பக்கம் 31 ரூபாய். பலர் இங்கே 310இல் 31ஐக் கழித்து, வட்டி 279 ரூபாய் என்று ஒரே வரியில் எழுதிவிடுகிறார்கள். மீதி சரியாகத்தான் வரும். ஆனால் வருடக் கடைசியில் சங்கத்தின் வட்டி வருமானம் குறைவாகத் தெரியும், கட்டிய வரி எங்கேயும் தெரியாது. வரி கழித்ததற்கு வங்கியிடம் சான்றிதழ் கேட்டு வாங்கலாம். அதில் முழு வட்டியும் வரியும் தனித்தனியே இருக்கும். நம் ஏடும் அப்படி இருந்தால்தான் இரண்டையும் ஒப்பிட முடியும்.

குறுஞ்செய்திக் கட்டணம் 30 ரூபாய், காசோலை திரும்பிய கட்டணம் 100 ரூபாய். இரண்டையும் காசேட்டில் செலவுப் பக்கம் தனித்தனி வரியாக எழுதுங்கள். பேரேட்டில் இரண்டும் வங்கிக் கட்டணக் கணக்கில் வரவுப் பக்கம் போகும். எழுதுவதற்கு முன் ஒன்றைக் கேளுங்கள்: அந்தக் குறுஞ்செய்தி யாருடைய கைபேசிக்குப் போகிறது? கமிட்டி மாறிய பிறகும் பழைய பொருளாளரின் இலக்கத்துக்கே போய்க்கொண்டிருந்தால், சங்கம் காசு கொடுக்கிறது, செய்தி வேறொருவருக்குப் போகிறது. ஒரு கட்டணம் தவறாக எடுக்கப்பட்டது என்று தோன்றினாலும் அதை எழுதாமல் விடாதீர்கள். பணம் கணக்கிலிருந்து போய்விட்டது உண்மை. காசேட்டில் செலவுப் பக்கம் எழுதி, பேரேட்டில் "வங்கியிடமிருந்து வரவேண்டியது" என்ற கணக்கில் வரவு வையுங்கள். பிறகு வங்கிக்குக் கடிதம் கொடுங்கள். பணம் திரும்பி வந்ததும் அந்தக் கணக்கு தீர்ந்துவிடும்.

திரும்பிய காசோலை 5,000 ரூபாய். அதை வாங்கிய அன்று காசேட்டில் வரவும், நன்கொடைக் கணக்கில் செலவும் எழுதியிருக்கிறோம். இப்போது அதைத் திருப்பி எழுத வேண்டும். காசேட்டில் செலவுப் பக்கம் 5,000, நன்கொடைக் கணக்கில் வரவுப் பக்கம் 5,000. பழைய வரியை வெட்டவோ அழிக்கவோ வேண்டாம். புதிய வரியில் அந்தப் பற்றுச்சீட்டின் இலக்கத்தையும், காசோலை மறுக்கப்பட்டது என்பதையும் எழுதுங்கள். நன்கொடை என்பது கடன் அல்ல, ஆகவே அந்தக் கடைக்காரரைக் கடனாளி என்று எழுத வேண்டியதில்லை. அதே காசோலை ஓர் உறுப்பினர் கட்டிய சந்தாவாக இருந்தால் கதை வேறு. அப்போது தொகை அவர் பெயரில் நிலுவையாக ஏற வேண்டும்.

ஐந்தையும் எழுதியதும் காசேட்டின் மீதியைத் திரும்பப் பார்ப்போம்.

காசேட்டு மீதி: 148,600
கூட்டுக: வட்டி 310
கழிக்க: வரி 31
கழிக்க: குறுஞ்செய்திக் கட்டணம் 30
கழிக்க: திரும்பிய காசோலை 5,000
கழிக்க: காசோலை திரும்பிய கட்டணம் 100
திருத்திய காசேட்டு மீதி: 143,749

இனி வங்கிப் பக்கம். கூற்றில் உள்ள 131,749 ரூபாயுடன், போட்டும் ஏறாத 12,000 ரூபாயைக் கூட்டுங்கள். 143,749 ரூபாய் வருகிறது. இரண்டும் ஒன்று. இந்தக் கடைசிக் கணக்கை ஒரு தாளில் எழுதி, திகதி போட்டு, தலைவரும் பொருளாளரும் கையெழுத்து வைத்தால் அதுதான் வங்கிக் கணக்கிணக்கக் கூற்று. 16,851 ரூபாய் வித்தியாசத்தில் ஒரு சதமும் மறைவில் இல்லை என்பதற்கு அந்தத் தாள்தான் சாட்சி.

இதில் கெட்டுப்போகும் இடங்கள் இரண்டைச் சொல்கிறேன்.

ஒன்று, மொத்தமாக எழுதுவது. கூட்டிக் கழித்தால் நம் ஏட்டில் குறைய வேண்டியது 4,851 ரூபாய். "வங்கி வித்தியாசம் 4,851" என்று ஒரே வரியில் எழுதினாலும் மீதி சரியாகிவிடும். ஆனால் அந்த ஒரு வரிக்குள் எதையும் ஒளித்து வைக்கலாம். கட்டணம் போலவே யாரோ எடுத்த ஐந்நூறு ரூபாயும் அதற்குள் போய்விடும். சில பொருளாளர்கள், நல்ல மனதோடுதான், முப்பது ரூபாய்க் கட்டணத்தைத் தம் கைக்காசிலிருந்து போட்டுச் சரிக்கட்டுகிறார்கள். அதுவும் வேண்டாம். சங்கத்தின் செலவு சங்கத்தின் ஏட்டில்தான் இருக்க வேண்டும்.

இரண்டு, ஏறாத பணத்தை மாதம் மாதம் அப்படியே கொண்டுபோவது. ஜூன் 30இல் போட்ட 12,000 ரூபாய் ஜூலை மாதத்தின் முதல் சில நாட்களில் கூற்றில் ஏறியே ஆக வேண்டும். ஜூலைக் கடைசியிலும் "போட்டும் ஏறாதது" என்ற வரியில் அதே தொகை நின்றால், வங்கி முத்திரை பதித்த வைப்புச் சீட்டின் அடிக்கட்டையைக் கேளுங்கள். அடிக்கட்டை இருந்தால் வங்கியிடம் போய்க் கேட்கலாம். அடிக்கட்டை இல்லை என்றால் அந்தக் காசோலை வங்கிக்குப் போனதா என்றே விசாரிக்க வேண்டும். போன மாதத் தொகைக்குப் பதில் இந்த மாதத் தொகை அந்த வரியில் நின்றால் அதையும் பாருங்கள். இந்த மாதச் சந்தாவை எடுத்துப் போன மாதப் பள்ளத்தை மூடுகிறவர்களின் ஏடு அப்படித்தான் இருக்கும்.

தொழிற்சங்கப் பணத்துக்கு 1935ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கத் தொழிற்சங்கக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. சங்கம் வருடந்தோறும் தொழிற்சங்கப் பதிவாளருக்குக் கணக்கு அனுப்ப வேண்டும். பொருளாளர் உறுப்பினர்களுக்குக் கணக்கு ஒப்புவிக்க வேண்டும். வருடக் கடைசியில் பன்னிரண்டு மாதக் கூற்றையும் ஒன்றாக விரித்து வைத்தால் யாருக்கும் எதுவும் நினைவிருக்காது. மாதம் ஒரு தடவை பார்த்தால் நம் எடுத்துக்காட்டில் வந்தது போல ஐந்தாறு வரிதான் மிஞ்சும்.

உறுப்பினர்களாக வந்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அடுத்த மாதாந்தக் கூட்டத்தில் பொருளாளரிடம் "மீதி எவ்வளவு?" என்று மட்டும் கேட்காதீர்கள். "வங்கிக் கூற்று எங்கே? ஏட்டுக்கும் அதற்கும் வித்தியாசம் எவ்வளவு? ஒவ்வொரு ரூபாயும் என்ன?" என்று கேளுங்கள். ஒழுங்காக எழுதிய பொருளாளருக்கு இந்தக் கேள்வி பாதுகாப்பு. அவர் அந்தத் தாளை எடுத்துக் காட்டுவார்.