கேஷில் மாட்டிக்கொண்ட பழைய விலை

சிஸ்டம் டிசைன் இன்டர்வியூல "இங்க ஒரு கேஷ் வைப்பேன்"னு சொன்ன உடனே ரெண்டு கேள்வி வரும். மெமரி நிறைஞ்சா எதை வெளிய தள்ளுவீங்க? டேட்டாபேஸ்ல மதிப்பு மாறினா கேஷை என்ன பண்ணுவீங்க? முதல் கேள்வி எவிக்‌ஷன், ரெண்டாவது இன்வேலிடேஷன். பலர் "எல்ஆர்யூ" என்று ஒரே பதிலில் ரெண்டையும் கடந்துடுவாங்க. அது ஏன் போதாதுன்னு ஒரு உதாரணத்தோட பார்ப்போம்.

ஒரு ஆன்லைன் கடை. அதுல ஒரு குக்கர், விலை 1,800 ரூபாய். உண்மையான விலை டேட்டாபேஸ்ல இருக்கு, அதுக்கு முன்னாடி ரெடிஸ் கேஷ். பக்கத்தைத் திறந்தா முதல்ல கேஷ்ல தேடுவோம். இல்லைன்னா டேட்டாபேஸ்ல படிச்சு, கேஷ்ல ஒரு காப்பி வச்சுட்டு காட்டுவோம். இதுக்குப் பேர் கேஷ்-அசைட்.

இப்ப விலை மாறுது. டேட்டாபேஸோட சேர்த்து கேஷ்லயும் புது விலையை எழுதிடலாமே? ரெண்டு பேர் ஒரே நேரத்துல மாத்தினா சிக்கல். முதல் ஆள் 1,500 போடறார், அடுத்த ஆள் 1,600. டேட்டாபேஸ்ல இந்த வரிசையிலேயே போய்ச் சேருது. நெட்வொர்க் தாமதத்தால கேஷுக்கு மட்டும் 1,600 முதல்லயும் 1,500 கடைசியாவும் வருது. டேட்டாபேஸ்ல 1,600, கேஷ்ல 1,500. அதனால கேஷ்ல எழுதாம, டேட்டாபேஸை மாத்தினதும் அந்தக் கீயை அழிக்கிறதுதான் வழக்கம். ரெண்டு அழிப்பு எந்த வரிசையில வந்தாலும் முடிவு ஒண்ணுதான்.

அப்பவும் ஒரு சின்ன ஓட்டை இருக்கு. இந்த வரிசையைக் கவனிங்க. ஒருத்தர் பக்கத்தைத் திறக்கறார், கேஷ்ல விலை இல்லை, டேட்டாபேஸ்ல 1,800-ன்னு படிச்சுட்டார். அதைக் கேஷ்ல வைக்கறதுக்குள்ள, அட்மின் விலையை 1,500 ஆக்கி, கீயையும் அழிச்சிடறார். அழிக்க அங்க எதுவும் இல்லை. அதுக்கப்புறம் முதல் ஆளோட ரிக்வெஸ்ட் கையில இருந்த 1,800-ஐக் கேஷ்ல வைக்குது. இனி அதை அழிக்க யாரும் வரப்போறதில்லை.

எல்ஆர்யூ இதைச் சரி பண்ணுமா? எல்ஆர்யூ வெளியே தள்ளுறது ரொம்ப நேரமா யாரும் தொடாத கீயை. நம்ம குக்கரை நாள் முழுக்க ஆட்கள் பார்த்துக்கிட்டே இருக்காங்க, அதனால அது வெளியே போகவே போகாது. யாரும் பார்க்காத பொருளோட தப்பான விலை தானா மறைஞ்சிடும். எல்லாரும் பார்க்கிற தப்பான விலைதான் நிலைச்சு நிக்கும். எவிக்‌ஷன் மெமரியைத்தான் காப்பாத்தும், சரியான மதிப்பை இல்லை.

அதுக்குத்தான் டிடிஎல், அதாவது காலக்கெடு:

```
SET price:42 1800 EX 60
```

60 வினாடியில இந்தக் கீ காலாவதி ஆகிடும். எத்தனை பேர் படிச்சாலும் கெடு நீளாது. அழிக்கிற கட்டளை நெட்வொர்க்ல தொலைஞ்சாலும் இதுதான் காப்பு. விலை என்ன? 10,000 பொருட்களை எல்லாரும் பார்த்துக்கிட்டே இருந்தா, ஒவ்வொண்ணுக்கும் நிமிஷத்துக்கு ஒரு தடவை, அதாவது வினாடிக்குச் சுமார் 167 முறை டேட்டாபேஸைத் தொடணும். கெடுவை 5 நிமிஷம் ஆக்கினா அது 33-ஆ குறையும், ஆனா பழைய விலை 5 நிமிஷம் வரைக்கும் நிக்கலாம். எவ்வளவு நேரம் தப்பா இருந்தா பரவாயில்லைங்கிறதுதான் இங்க கேள்வி.

ஓட்டையையே அடைக்கவும் வழி உண்டு. ஃபேஸ்புக் 2013-ல வெளியிட்ட மெம்கேஷ் பேப்பர்ல லீஸ்னு ஒண்ணு வரும். கேஷ்ல மதிப்பு இல்லைன்னா, கேட்டவருக்கு ஒரு டோக்கன் கொடுப்பாங்க. இடையில கீ அழிக்கப்பட்டா டோக்கன் செல்லாது, அதோட வர்ற பழைய மதிப்பைக் கேஷ் ஏத்துக்காது.

எவிக்‌ஷனுக்கு ஒரு வார்த்தை. ரெடிஸ்ல `maxmemory` வச்சுட்டு பாலிசியை விட்டுட்டா, இயல்பா இருக்கிறது `noeviction`. மெமரி நிறைஞ்சதும் எதையும் தள்ளாது, புதுசா எழுதறது எரர் ஆகும். கேஷா மட்டும் பயன்படுத்தினா `allkeys-lru` நல்ல தொடக்கம். `INFO stats`-ல `evicted_keys`, `keyspace_misses` ரெண்டும் சேர்ந்து வேகமா ஏறினா, மெமரி பத்தலைன்னு சந்தேகப்படலாம். ஆனா பழைய விலை இருக்கான்னு அந்த எண்கள் சொல்லாது. அதுக்குச் சில கீகளை அப்பப்ப எடுத்து டேட்டாபேஸோட ஒப்பிட்டுத்தான் பார்க்கணும்.

கடைசியா, பணம் வாங்குற இடத்துல விலையை டேட்டாபேஸ்ல இருந்தே படிங்க. பார்க்கிற பக்கத்துல 60 வினாடி பழைய விலை இருந்தா சமாளிச்சுக்கலாம். பில்லுல இருக்கக் கூடாது. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.