கடன் அட்டையின் தாமதக் கட்டணம்



கடன் அட்டை வைத்திருப்பவர்களுக்கு மாதந்தோறும் வருகிற கணக்கு விவரத்தில் மொத்த பாக்கி எவ்வளவு, கெடு தேதி எது என்ற இரண்டை மட்டும் பார்த்துவிட்டு மற்றதை மடித்து வைத்துவிடுவது பெரும்பாலோருடைய வழக்கம். ஆனால் கெடு தவறினால் என்ன தண்டம் விழும் என்பதை நிர்ணயிக்கிற விஷயங்கள் அவர்கள் படிக்காமல் விட்ட வரிகளில்தான் இருக்கின்றன. அந்தத் தண்டத்திற்குத் தாமதக் கட்டணம் என்று பெயர். அது எப்படிக் கணக்கிடப்படுகிறது, எந்த இடத்தில் அதைத் தடுத்து நிறுத்தலாம் என்பதைப் பற்றியே இன்று சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

வட்டி என்பது பாக்கிக்குத் தக்கபடி சிறிது சிறிதாக ஏறுகிறது; தாமதக் கட்டணமோ மாடிப்படியைப் போலத் திடீர் திடீரென்று உயர்கிறது. நம் நாட்டு வங்கிகளின் அட்டவணைகள் ஒன்றுக்கொன்று சிறிது வித்தியாசப்பட்டாலும், அவற்றின் அமைப்பு ஏறக்குறைய ஒன்றே. உதாரணத்திற்கு இப்படி ஓர் அட்டவணையை வைத்துக்கொள்வோம்: 100 ரூபாய்க்கு உட்பட்ட பாக்கிக்குக் கட்டணம் இல்லை, 500 வரைக்கும் 100 ரூபாய், அதற்கு மேல் 5,000 வரைக்கும் 500, 10,000 வரைக்கும் 600, 25,000 வரைக்கும் 800, 50,000 வரைக்கும் 1,100, அதையும் தாண்டினால் 1,300. இவை ஒவ்வொன்றின் மேலும் நூற்றுக்குப் பதினெட்டு வீதம் ஜி.எஸ்.டி. வரி உண்டு. ஆகவே, 510 ரூபாய் பாக்கியை மறந்துவிட்ட ஒருவர் 500 ரூபாய்க் கட்டணமும் 90 ரூபாய் வரியுமாக 590 ரூபாய் கொடுக்க நேரிடுகிறது. கடனைக் காட்டிலும் தண்டம் பெரிது. அதே சமயம், ஒரு லட்சம் ரூபாய் பாக்கி வைத்தவருக்கு விழுவது நூற்றுக்கு ஒன்றரை ரூபாய் மட்டுமே. சொற்பத் தொகைதானே என்று அலட்சியமாக விட்டுவிடுகிறவருக்கே இந்த ஏற்பாடு கடுமையாக இருக்கிறது என்பதை நான் வருத்தத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது. எப்போதாவது ஒரு முறை உபயோகித்துவிட்டு அலமாரியில் போட்டு வைக்கிற அட்டைதான் அதிக ஜாக்கிரதைக்கு உரியது.

சரி, இந்தத் தண்டத்திற்கு வாசல் எது? மொத்த பாக்கியைக் கட்டாததா? அல்ல. கணக்கு விவரத்தில் 'குறைந்தபட்சத் தொகை' என்று ஒன்று காட்டப்பட்டிருக்கும். கெடுவுக்குள் அந்தத் தொகை முழுவதும் வந்து சேர்ந்துவிட்டால் தாமதக் கட்டணம் கிடையாது. மீதிக்கு வட்டி மட்டும் ஓடும். அந்த வட்டி மாதத்திற்கு நூற்றுக்கு மூன்றரை ரூபாயையும் தாண்டுவது சகஜமாகையால், குறைந்தபட்சத் தொகையைக் கட்டியே காலம் தள்ளலாம் என்று நான் சொல்ல வரவில்லை. முழுவதும் கட்ட முடியாத மாதத்தில் தண்டத்தையாவது தவிர்க்கும் மார்க்கம் அது, அவ்வளவே. அதை ஒரே தடவையில் கட்ட வேண்டும் என்பதும் இல்லை. இரண்டு மூன்று தவணையாகக் கட்டினாலும், கெடுவுக்குள் கூட்டுத்தொகை சரியாக இருந்தால் போதும்.

சாதாரணமாகக் குறைந்தபட்சத் தொகை மொத்த பாக்கியில் நூற்றுக்கு ஐந்து அளவில் இருக்கும். ஆனால் அட்டையில் மாதத் தவணைக்குப் பொருள் வாங்கியிருந்தால், அந்த மாதத் தவணை முழுவதும் அதில் சேர்ந்துவிடுகிறது. ஒருவருடைய மொத்த பாக்கி 27,400 ரூபாய் என்று வையுங்கள். மாதத் தவணை எதுவும் இல்லையென்றால் அவர் கட்ட வேண்டிய குறைந்தபட்சம் 1,370 ரூபாய். அதே பாக்கியில் 9,000 ரூபாய் மாதத் தவணையாக இருந்தாலோ, அந்த 9,000-மும், எஞ்சிய 18,400-க்கு ஐந்து சதவீதமான 920-மும் சேர்ந்து 9,920 ரூபாயாகிவிடுகிறது. அவர் கையில் இருப்பதோ 3,000 ரூபாய்தான். எப்படியும் தண்டம் நிச்சயம், பிறகு எதற்குக் கட்டுவது என்று அவர் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டால், பாக்கி 25,000-ஐத் தாண்டி நிற்பதால் 1,100 ரூபாயும் வரியுமாக 1,298 ரூபாய் விழும். கெடுவுக்கு முன்பாகவே அந்த 3,000-ஐக் கட்டிவிட்டாலோ பாக்கி 24,400 ஆகி ஒரு படி இறங்கிவிடுகிறது; கட்டணம் 800, வரியோடு 944. முந்நூற்று ஐம்பத்து நான்கு ரூபாய் மிச்சம்.

இப்படி இறங்குவதற்கு ஆதாரம் ரிசர்வ் வங்கியின் விதியே. அதன் கடன் அட்டை விதிகளின்படி, தாமதக் கட்டணத்தைக் கெடு தேதிக்குப் பிறகு உண்மையில் மிஞ்சியிருக்கிற பாக்கியின் மேல்தான் கணக்கிட வேண்டுமேயல்லாமல், கணக்கு விவரத்தில் அச்சான மொத்தத் தொகையின் மேல் கணக்கிடலாகாது. அடுத்த மாத விவரத்தில் உங்களுக்குப் போட்டிருக்கிற கட்டணம் எந்தப் படிக்கு உரியது என்று பார்த்தாலே விதி அனுசரிக்கப்பட்டதா என்பது தெரிந்துவிடும். அப்படிப் பார்க்கும்போது இன்னொன்றையும் கவனியுங்கள்: நம் உதாரணத்து மனிதர் புதிதாக ஒன்றுமே வாங்காவிட்டாலும், 24,400 ரூபாயோடு 944 ரூபாய் சேர்ந்த மாத்திரத்தில் பாக்கி மறுபடியும் 25,000-ஐத் தாண்டிவிடுகிறது. அடுத்த கெடுவும் தவறினால் மேல் படிக் கட்டணம் காத்திருக்கிறது.

அதே விதிகளில் மூன்று நாள் அவகாசமும் உண்டு. கெடு கடந்து மூன்று நாளுக்கு மேல் பாக்கி நின்றால்தான் தாமதக் கட்டணம் போடலாம்; கடன் தகவல் நிறுவனங்களுக்குத் தகவல் அனுப்புவதும் அதன் பிறகுதான். கெடு 5-ஆம் தேதியானால் 8-ஆம் தேதிக்குள் பணம் அட்டைக் கணக்கில் வரவாகியிருக்க வேண்டும். நீங்கள் அனுப்பிய நேரம் முக்கியமல்ல, வரவான நேரமே முக்கியம். காசோலை மாறுவதற்கு நாள் பிடிக்கும். மூன்று நாளைத் தாண்டிவிட்டாலோ, நாள்கணக்கு பழைய கெடு தேதியிலிருந்தே எண்ணப்படும். ஆகவே அந்த அவகாசத்தைத் தவறு நேர்ந்தால் உதவும் காப்பாகக் கொள்ளலாமேயன்றி, அதையே கெடுவாக எண்ணிக்கொள்வது சரியல்ல.

தவறு நேராமல் இருக்க இரண்டு ஏற்பாடுகள் போதும் என்பது என் அபிப்பிராயம். முதலாவது, சேமிப்புக் கணக்கிலிருந்து தானாகவே தொகை எடுத்துக்கொள்ளும்படி வங்கிக்கு எழுதிக் கொடுப்பது. மொத்தத்தையும் எடுக்கச் சொல்வதே உத்தமம். துணிவில்லாதவர்கள் குறைந்தபட்சத் தொகைக்காவது உத்தரவு கொடுத்துவிட்டு, மீதியைத் தாமே கட்டலாம். ஆனால் அன்றைய தினம் சேமிப்புக் கணக்கில் பணம் இல்லாமற்போனால், தாமதக் கட்டணத்தோடு உத்தரவு திரும்பியதற்கான தண்டமும் சேர்ந்துவிடும். ஆகையால் இரண்டாவது ஏற்பாடு அவசியமாகிறது: கெடு தேதியைச் சம்பள தேதிக்குப் பின்னால் தள்ளி வைப்பது. கணக்குச் சுற்றை ஒரு முறையாவது மாற்றிக்கொள்ளும் உரிமையை ரிசர்வ் வங்கி நமக்கு அளித்திருக்கிறது. மாதக் கடைசியில் சம்பளம் வாங்குகிறவர் கெடு 5-ஆம் தேதியை ஒட்டி விழும்படி கேட்டு வாங்கிக்கொண்டால், கையில் பணம் இருக்கும்போதே கடனும் தீர்ந்துவிடுகிறது.

இவ்வளவுக்கும் பிறகு மூன்று நாளுக்குள் கட்டியும் கட்டணம் போடப்பட்டிருந்தால், பணம் வரவான தேதியைக் காட்டும் ரசீதோடு வங்கிக்கு எழுத்து மூலம் புகார் செய்து, கட்டணத்தோடு அதன் மேல் போட்ட வரியையும் திருப்பிக் கேளுங்கள். முப்பது நாளில் பதில் வராவிட்டாலும், வந்த பதில் திருப்தி தராவிட்டாலும், ரிசர்வ் வங்கியின் ஓம்புட்ஸ்மனிடம் cms.rbi.org.in என்ற தளத்தின் வழியாக முறையிடலாம். அதற்குக் கட்டணம் ஏதும் இல்லை.