ஒரு வட்டியா, ஒன்றரை வட்டியா?
(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசியது)



போன மாதம் நம் குழுக்களில் ஒரு பேச்சு அடிபட்டது. "குழுவுல நூத்துக்கு ஒன்றரை ரூபா வட்டி. வெளியில கம்பெனிக்காரங்க ஒரு ரூபாதானே கேக்கறாங்க?" என்று சொல்லி, நம் உறுப்பினர் ஒருவர் தையல் மிஷினுக்கு வெளியில் 12,000 ரூபாய் கடன் வாங்கிவிட்டார். அவருடைய தவணை அட்டையை வைத்துக்கொண்டு நாம் உட்கார்ந்து கணக்குப் போட்டோம்.

அவருக்கு மாதம் 1,120 ரூபாய் தவணை, 12 மாதம். இதில் அசல் 1,000, வட்டி 120. இதைத்தான் பிளாட் வட்டி என்கிறார்கள். முதலில் வாங்கிய 12,000-க்கே கடைசி வரை வட்டி போடுவது. மொத்த வட்டி 1,440 ரூபாய்.

ஆனால் அவர் கையில் 12,000 ரூபாய் இருந்தது முதல் மாதம் மட்டும்தானே? மாதம் ஆயிரம் திருப்பிக் கட்டிக்கொண்டே வருகிறார். கடைசி மாதம் அவரிடம் பாக்கி வெறும் 1,000. அதற்கும் அதே 120 ரூபாய் வட்டி. கந்துவட்டிக்காரர்கூட நூத்துக்கு பன்னிரண்டு கேட்க யோசிப்பார்!

நம் குழுவில் எப்படி? பாக்கி அசலுக்கு மட்டும்தான் வட்டி. முதல் மாதம் 12,000-க்கு 180 ரூபாய், அடுத்த மாதம் 11,000-க்கு 165, இப்படி 15 ரூபாய் குறைந்துகொண்டே வந்து கடைசி மாதம் 15 ரூபாய். கூட்டினால் 1,170. அதாவது ஒன்றரை வட்டியே 270 ரூபாய் மலிவு. குழுவிலும் ஒரு வட்டிதான் என்றால் 780 ரூபாயோடு முடிந்திருக்கும்.

முழு அசலையும் வருடக் கடைசியில் மொத்தமாகக் கட்டுவதாக இருந்தால் இரண்டுக்கும் வித்தியாசம் வராது. மாதாமாதம் அசல் கட்டும்போதுதான் இந்த வித்தியாசம்.

எப்படிக் கண்டுபிடிப்பது? தவணை எல்லா மாதமும் ஒரே தொகையாக இருப்பதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. வங்கியில் குறையும் வட்டிக் கடனுக்கும் ஒரே தவணைதான் போடுவார்கள், உள்ளே வட்டி குறையக் குறைய அசல் கூடும். அதனால், "கடைசித் தவணையில் வட்டி எவ்வளவு சார்?" என்று கேளுங்கள். முதல் தவணையில் இருந்த வட்டியே இருந்தால் அது பிளாட்.

இன்னொன்றும் இருக்கிறது. 2024 அக்டோபர் முதல், வங்கியோ நிதி நிறுவனமோ தனிநபர் கடன் தரும்போது, கடனின் முக்கிய விவரத் தாளை நமக்குப் புரியும் மொழியில் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டிருக்கிறது. அதில் ஏ.பி.ஆர். என்று ஒரு வரி இருக்கும். கட்டணங்களையும் சேர்த்து வருடத்துக்கு உண்மையில் எத்தனை சதவீதம் ஆகிறது என்பது அதுதான். வாயால் '12 சதவீதம்' என்று சொன்ன இந்த மிஷின் கடனுக்கு, வேறு கட்டணம் எதுவும் பிடிக்காவிட்டாலும், அந்த வரியில் சுமார் 21½ சதவீதம் வரும்.