கண்டதும் கருதியதும்: சிறுநீர்ப்பையின் உட்புறத்தை விவரிக்கும் மொழி



சிறுநீரில் இரத்தம் கண்டு எங்களிடம் வருவோர் பலருக்குச் சிறுநீர்ப்பை அகநோக்கிச் சோதனை செய்கிறோம். சிஸ்டோஸ்கோப் என்று நீங்கள் கேள்விப்பட்டிருக்கக் கூடிய கருவி அதுவே. வளையும் தன்மையுடைய, ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் தடிமனுள்ள குழல் சிறுநீர் வெளியேறும் வழியாகவே உள்ளே செல்கிறது. மரத்துப்போகச் செய்யும் களிம்பு மட்டும் போதும் என்பதால், நோயாளி விழித்தபடியே படுத்திருப்பார். எங்களுடன் சேர்ந்து அவரும் திரையைப் பார்ப்பார். அப்போது ஒரு கேள்வி தவறாமல் எழும்: “டாக்டர், அங்கே சிவப்பாகத் தெரிகிறதே, அது என்ன?”

இக்கேள்விக்கு விடை சொல்வது எளிதன்று. சிவப்பாகத் தெரிவதைச் சிவப்பு என்று சொல்லலாம். அதனை அழற்சி என்றோ புற்று என்றோ சொல்லிவிட்டால், கண்டதை விட்டுக் கருதியதற்கு நகர்ந்துவிடுகிறோம். இவ்விரண்டையும் பிரித்துச் சொல்லும் பழக்கம் எங்கள் தொழிலில் எவ்வாறு இயங்குகிறது, அது தவறும்போது என்ன நேர்கிறது என்பதையே இன்று உங்கள் முன் வைக்க விழைகிறோம்.

உடலின் உள்ளறைகளைக் கண்ணால் காணும் முயற்சி பழையது. மாக்ஸ் நிட்சே என்னும் ஜெர்மானிய மருத்துவர் 1879-ஆம் ஆண்டில் வியன்னாவில் தம் சிறுநீர்ப்பை அகநோக்கியை மருத்துவர்களுக்குக் காட்டினார். விளக்கைக் குழலின் நுனிக்கே கொண்டு சென்றது அவர் செய்த பெரிய மாற்றம். 1894-இல் அகநோக்கி வழியே எடுத்த நிழற்படங்களைத் தொகுத்து நூலாகவும் வெளியிட்டார். அந்நாள் முதல் படமும் விவரிப்பும் இணைந்தே வளர்ந்து வந்துள்ளன. படம் ஒரு கணத்தை மட்டுமே காட்டும். தொட்டால் குருதி கசிந்ததா, நீரோட்டத்தில் அசைந்ததா, புரண்டு படுத்தபோது இடம் மாறியதா என்பவற்றைச் சொற்களே சொல்ல வேண்டும்.

விவரிப்பின் முதற்படி இடம். சிறுநீர்ப்பை உப்புநீரால் நிரப்பப்பட்டு விரிந்த பின், உட்புறம் ஒரு குகை போலத் தெரியும். மல்லாந்து படுத்திருப்பவரின் சிறுநீர்ப்பைக்குள் புகுந்த சிறு காற்றுக்குமிழி எப்போதும் உச்சியில் மிதக்கும். அதனை 12 மணியாகக் கொண்டு, கடிகார முகத்தைப் போல இடங்களைக் குறிக்கிறோம். சிறுநீரகங்களிலிருந்து வரும் இரு குழாய்களின் வாய்கள் அடிப்பகுதியில், ஏறத்தாழ 5 மணியிலும் 7 மணியிலும் உள்ளன. சற்றுக் காத்திருந்தால் அவற்றிலிருந்து சிறுநீர் பீச்சி வருவதைக் காணலாம். உச்சிக் குமிழியும் இவ்விரு வாய்களும் தெரிந்துவிட்டால், அகநோக்கி எத்திசையில் திரும்பினாலும் வழி தவறுவதில்லை.

அடுத்தது அளவு. இங்கே கண் ஏமாற்றும். வில்லை நெருங்கினால் மிளகளவு கட்டியும் எலுமிச்சையளவு தோன்றும். ஆகவே, அகலம் முன்பே தெரிந்த இடுக்கியின் விரிந்த வாயைக் கட்டியின் அருகே வைத்து ஒப்பிடுகிறோம். இது வெறும் கணக்குப் பிடிவாதமன்று. மேற்பரப்புப் புற்றுக்கட்டி திரும்ப வரும் வாய்ப்பை மதிப்பிடும்போது 3 சென்டிமீட்டர் என்னும் எல்லை கருத்தில் கொள்ளப்படுகிறது. கட்டிகளின் எண்ணிக்கையும் அவ்வாறே. “சில கட்டிகள்” என்று எழுதினால், அடுத்த மருத்துவருக்கு அதனால் பயனில்லை.

மூன்றாவது தோற்றம். மேற்பரப்பில் வளரும் கட்டிகளுள் பல, மெல்லிய காம்பின் மேல் விரல் விரலாகக் கிளைத்திருக்கும். நீருக்குள் அவை அசைவதைக் கண்டால், ஆழம் குறைந்த கடலில் கடற்சாமந்தி ஆடுவது நினைவுக்கு வரும். ஒவ்வொரு கிளையின் நடுவிலும் நுண்ணிய இரத்த நாளம் ஒன்று தெரியும். வேறு சில கட்டிகள் அகன்ற அடிப்பரப்போடு திண்மையாக அமர்ந்திருக்கும். அவை அசைவதில்லை; மேற்பரப்பில் அழுகிய சாம்பல் நிறத் திசு படிந்திருக்கலாம். இத்தகையது சிறுநீர்ப்பையின் தசைக்குள் ஊடுருவியிருக்குமோ என்ற ஐயத்தைத் தருகிறது. ஆனால் ஐயம் ஐயமாகவே எழுதப்பட வேண்டும். ஊடுருவலின் ஆழத்தைப் படம் காட்டாது. தசையையும் சேர்த்து வெட்டியெடுத்த திசுவை நுண்ணோக்கியில் பார்த்த பின்னரே அது தெரியவரும்.

கல்லை விவரிப்பது எளிது என்று தோன்றலாம். மஞ்சளாகவோ பழுப்பாகவோ வெண்மையாகவோ, தாழ்ந்த இடத்தில் அது கிடக்கும். நீரைப் பாய்ச்சினால் உருளும். உருளாத கல்லே எங்களை நிறுத்திச் சிந்திக்க வைக்கிறது. முன்னொரு அறுவையில் விட்ட தையல் நூலின் மேல் சுண்ணம் படிந்திருக்கலாம். கட்டியின் மேற்பரப்பே சுண்ணம் படிந்து கல் போலக் காட்சி தரலாம். எனவே “கல் உள்ளது” என்பதோடு “அசைகிறது” அல்லது “சுவரோடு ஒட்டியுள்ளது” என்னும் சொல்லும் குறிப்பில் இடம் பெற வேண்டும்.

இனி, தொடக்கத்தில் கேட்ட சிவப்புக்கு வருவோம். நலமான உட்சவ்வு வெளிர் மஞ்சள் கலந்த இளஞ்சிவப்பாக இருக்கும். அதன் மேல், இலை நரம்புகள் போல, இரத்த நாளங்கள் தெளிவாகக் கிளைத்து ஓடும். அழற்சி வந்தால் சவ்வு வீங்கிச் சிவக்கிறது. நாளங்களின் வரிகள் மங்குகின்றன. சிறுநீர் வடிய நெடுநாள் குழாய் வைத்திருந்தவருக்கு, குழாயின் நுனி உராய்ந்த இடத்தில் திராட்சை மணிகள் போன்ற வீக்கங்கள் தோன்றும். பழகாத கண் இவற்றைக் கட்டி என்று கொள்ளக்கூடும். ஆனால் அவை ஒளி ஊடுருவும் தன்மையுடையவை. கட்டியின் கிளைகளில் இருப்பது போல் நடுவே நாளம் இராது.

இதே சிவப்புக்குள் ஆபத்தான ஒன்றும் மறைந்திருக்கலாம். மேற்படைக்குள்ளேயே தட்டையாகப் பரவும் ஒரு வகைப் புற்று உண்டு. அது மேலெழுந்து வளர்வதில்லை. பட்டுத் துணியின் மென்மயிர் போன்ற சிவந்த பரப்பாகவே தோன்றும். சில வேளைகளில் கண்ணுக்கே புலப்படாது. தட்டையாக இருந்தாலும் அதன் உயிரணுக்கள் தீவிரமானவை. கவனிக்காது விட்டால் தசைக்குள் நுழையக் கூடியவை. அழற்சியின் சிவப்பையும் இதன் சிவப்பையும் கண்ணால் மட்டும் பிரித்தறிய எவராலும் இயலாது.

ஒரு நோயாளியின் வரலாற்றைக் கூறுகிறோம். அறுபதைக் கடந்தவர், நெடுங்காலம் புகைபிடித்தவர். அடிக்கடி சிறுநீர் கழிக்கும் உந்துதலும் எரிச்சலும் இருந்தன. ஒரு நாள் வலியின்றி இரத்தமும் வந்தது. வேறோரிடத்தில் செய்த அகநோக்கிச் சோதனையின் குறிப்பில் ஒரே வரி: “சிறுநீர்ப்பையில் அழற்சி காணப்பட்டது.” இடம் இல்லை, அளவு இல்லை, படமும் இல்லை. சிறுநீரில் கிருமி வளரவில்லை. ஆயினும் அவ்வரியை நம்பி இரு முறை கிருமிக்கொல்லி மருந்து தரப்பட்டது. மாதங்கள் கழிந்தன, எரிச்சல் தீரவில்லை.

எங்களிடம் அவர் வந்தபோது மீண்டும் சோதித்து எழுதிய குறிப்பு இது: “பின்சுவரின் இடப்பக்கம், இடது குழாய் வாய்க்கு மேலே, ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் சிவந்த பரப்பு. தட்டையானது, மென்மயிர்ப் பட்டுப் போன்றது, எல்லை தெளிவற்றது. நாள வரிகள் தெரியவில்லை. தொட்டால் குருதி கசிகிறது. வலச்சுவரில் இதே போன்ற சிறு பரப்பு ஒன்று. கல் இல்லை, மேலெழுந்த கட்டி இல்லை. அழற்சியாகவோ தட்டைப் புற்றாகவோ இருக்கலாம். ஈரிடத்திலும் திசு எடுக்கப்பட்டது.”

இக்குறிப்பின் கடைசி இரு வாக்கியங்களைத் தவிர மற்ற அனைத்தும் கண்டவை. கருதியது கருத்தென்றே சொல்லப்பட்டது. அதனைத் தீர்க்கும் வழியும் உடன் சொல்லப்பட்டது. சிறுநீரில் உதிர்ந்த உயிரணுக்களின் சோதனையும் திசுச் சோதனையும் ஈரிடத்திலும் தட்டைப் புற்று என்றே காட்டின. வாரம் ஒரு முறையாக 6 வாரம், காசநோய்த் தடுப்புக்குப் பயன்படும் பி.சி.ஜி. நுண்ணுயிர் கலந்த மருந்து சிறுநீர்ப்பைக்குள் செலுத்தப்பட்டது. அம்மருந்து உடலின் எதிர்ப்பாற்றலைத் தூண்டிப் புற்றணுக்களைத் தாக்கச் செய்கிறது.

மூன்று மாதத்திற்குப் பின் மீண்டும் பார்த்தபோது உட்சவ்வு முன்னிலும் சிவந்திருந்தது. அம்மருந்தே அழற்சியைத் தருவதால் இது எதிர்பார்த்ததே. பழைய குறிப்பும் படங்களும் கையிலிருந்ததால், எந்தச் சிவப்பு பழைய இடத்தில் உள்ளது, எது புதியது என்று ஒப்பிட முடிந்தது. பழைய ஈரிடங்களிலும் புதிய ஓரிடத்திலும் திசு எடுத்தோம். அம்முறை மூன்றிலும் அழற்சி மட்டுமே இருந்தது. உயிரணுச் சோதனையிலும் புற்றணு இல்லை. முதற்குறிப்பில் பொருந்தாதிருந்த “அழற்சி” என்னும் சொல் இப்போதுதான் பொருந்தியது.

நீல ஒளியைப் பயன்படுத்தும் முறையும் உண்டு. ஒரு மருந்தை முன்கூட்டியே சிறுநீர்ப்பைக்குள் செலுத்தி நீல ஒளியில் பார்த்தால், புற்றணுக்கள் சேர்ந்த இடம் செந்நிறமாக ஒளிரும். வெண்ணொளியில் தப்பும் தட்டைப் புற்று சிலவேளை இதில் அகப்படும். ஆனால் அழற்சியுற்ற இடமும் ஒளிரக்கூடும். கருவி கூர்மையானாலும் பழைய ஐயம் முற்றாக நீங்குவதில்லை.

மொழி ஆர்வலர்களாகிய உங்களுக்கு உரிய ஒரு செய்தியையும் சொல்ல வேண்டும். 1915-இல் கய் ஹன்னர் என்னும் அமெரிக்க மருத்துவர், கடும் வலியுடைய சிலரின் சிறுநீர்ப்பையில் ஒரு மாற்றத்தை விவரித்தார். அது “ஹன்னர் புண்” என்று பெயர் பெற்றது. உண்மையில் அங்கே எப்போதும் திறந்த புண் இருப்பதில்லை. நடுவில் வெண்தழும்பும், அதனை நோக்கி ஓடும் நுண்ணிய நாளங்களுமுள்ள சிவந்த பரப்பே இருக்கும்; பை விரியும்போது அது வெடித்துக் குருதி கசியும். புண்ணைத் தேடியவர் புண்ணைக் காணாது, ஒன்றுமில்லை என்று எழுத இடமுண்டு. இன்று பலர் புண் என்னும் சொல்லைக் கைவிட்டு, “ஹன்னர் மாற்றம்” என்ற பொருள்படவே வழங்குகின்றனர்.

திரையைப் பார்த்துக் கேட்கும் நோயாளிக்கு இப்போது நாங்கள் தமிழில் கூறும் விடை இதுவே: “ஐயா, பின்சுவரில் சிவந்த இடம் ஒன்று தெரிகிறது. தட்டையாக இருக்கிறது. என்னவென்று கண்ணால் சொல்ல முடியாது. சிறிது திசு எடுத்துப் பார்த்துச் சொல்கிறோம்.” எளிய சொற்கள்தாம். அவற்றுள் முதல் இரண்டு வாக்கியங்கள் கண்டவை. மூன்றாவது கண்ணின் எல்லை. நான்காவது அந்த எல்லையைக் கடக்கும் வழி. அடுத்த முறை உங்கள் உறவினர் ஒருவரின் அகநோக்கிக் குறிப்பு கைக்கு வந்தால், அதில் இடமும் அளவும் தோற்றமும் எழுதப்பட்டுள்ளனவா என்று பாருங்கள். நோயின் பெயர் மட்டும் இருந்தால், “என்ன கண்டீர்கள்?” என்று மருத்துவரைத் தயங்காது கேளுங்கள்.