“நிப்பாட்டுங்கோ” என்று சொல்லலாம்



திருமணமாகி இரண்டு வருடமான 27 வயதுப் பிள்ளை ஒருத்தி முதற்தடவையாகப் பப் பரிசோதனைக்கு வந்தா. “டொக்டர், வெட்டுவீங்களோ?” என்று கேட்டா. வெட்டும் இல்லை, ஊசியும் இல்லை என்றேன். “நிப்பாட்டுங்கோ என்று சொன்னால் அந்த இடத்திலேயே நிறுத்துவேன்” என்றும் சொன்னேன்.

சிறுநீர் கழித்துவிட்டு வந்து, இடுப்புக்குக் கீழே துணியால் போர்த்தி, முழங்கால்களை மடித்துப் படுத்தா. தாதி பக்கத்தில் நின்றா. ஸ்பெகுலம் வாத்தின் அலகு போன்றது. அதை யோனிக்குள் வைத்து மெதுவாக விரித்தால்தான் கருப்பைக் கழுத்து தெரியும். வைக்கத் தொடங்கியதும் பிள்ளை இடுப்பைத் தூக்கித் தொடைகளை இறுக்கி, “நிப்பாட்டுங்கோ” என்றா. நிறுத்தினேன்.

தசை இறுகினால் நோவு கூடும். இடுப்பைக் கட்டிலில் பதித்து, மூச்சை மெதுவாக வெளியே விடச் சொன்னேன். சின்ன ஸ்பெகுலம் ஒன்றை இளஞ்சூட்டு நீரில் நனைத்து வைத்தேன். இம்முறை அழுத்தம் மட்டுமே தெரிந்ததாம். சிறு தூரிகையைச் சுழற்றிக் கலங்களை எடுக்கச் சில விநாடிகளே சென்றன. பிறகு இரு விரல்களை உள்ளேயும் மறுகையை அடிவயிற்றிலும் வைத்துக் கருப்பையையும் சூலகங்களையும் தொட்டுப் பார்த்தேன்.

அன்று சிறிது இரத்தக் கசிவு இருக்கலாம். மாதவிடாய் நாட்களில் வரவேண்டாம். முந்திய 2 நாட்களும் உடலுறவையும் யோனிக்குள் வைக்கும் மருந்தையும் தவிர்க்கவேண்டும். முடிவில் மாற்றம் இருந்தால் அது பெரும்பாலும் புற்றுநோயல்ல. மேலும் பார்க்கவேண்டிய கலமாற்றம். சூலகப் புற்றுநோயைக் கண்டுபிடிப்பதற்கான சோதனையல்ல இது.

உங்கள் மகள்மாரை அனுப்பும்போது அந்த ஒரு சொல்லையும் சொல்லிக் கொடுத்து அனுப்புங்கோ.