எண்ணும் ‘இல்லை’யும்



பாராளுமன்றத்தில் நம் பிரதிநிதி தமிழிற் பேசும்போது, ஆங்கில வழியிற் கேட்கும் உறுப்பினரின் செவியில் விழுவது உரைபெயர்ப்பாளரின் குரலேயாகும். ஆதலால் அவர் படும் இடரை நாம் அறிந்திருத்தல் வேண்டும்.

அவர் பேச்சாளருக்குச் சில விநாடிகள் பிந்தியே செல்வார். தமிழிலோ வினை இறுதியில் நிற்கிறது. “குளம் உடைந்து சிறுபோகம் அழிந்த 340 ஏக்கர் வயலுக்கும் நட்டஈடு இன்றுவரை வழங்கப்படவில்லை” என்போம். கடைசிச் சொல் வரும்வரை காத்திருந்தால் 340 நினைவினின்றும் நழுவும். முந்தி ஊகித்தால் ‘இல்லை’ என்பது ‘உண்டு’ என்றாகிவிடும். சிங்களமும் வினையை இறுதியில் வைப்பதால் அவ்வழியில் இவ்விடர் குறைவு.

தேர்ந்தவர் வாக்கியத்தைத் துண்டாடுகிறார்: “குளம் உடைந்தது, 340 ஏக்கரிற் சிறுபோகம் அழிந்தது.” பின்னர் வினையைக் கேட்டு, “நட்டஈடு கிடைக்கவில்லை” என முடிக்கிறார். விட்ட சொல்லைப் பொருளிலிருந்து மீட்கலாம். விட்ட எண்ணை மீட்கவியலாது. ஆகவே எண் வந்தவுடன் அதனைச் சொல்லிவிடுகிறார். அருகிலிருக்கும் துணைவரும் அதனைக் குறித்துக் காட்டுவார்.

எழுதியதை நாம் விரைந்து வாசித்தால், அவர் அடைமொழிகளையும் கூறியது கூறலையும் கைவிட்டு, யார், என்ன, எவ்வளவு, உண்டா இல்லையா என்பவற்றையே காப்பார். அதற்கும் இயலாதபோது 340 என்பது “முந்நூறுக்கு மேல்” என்றாகும். அதுவே அவர் பின்தங்கியதன் அடையாளம்.

எனவே, புள்ளிவிபரத் தாளை முன்கூட்டியே அவரிடம் கொடுப்போம். எண்ணைச் சொன்னபின் சற்று நிறுத்துவோம். நம் கோரிக்கை அவர் வாய்வழியே முழுமையாகச் சென்று சேரட்டும்.